ஓய்வூதியம் எப்போது சம்பளம் ஆயிற்று?

ஓய்வுபெற்ற ஒருவர் மாதம் 1,25,000 ரூபாய் ஓய்வூதியம் பெறுகிறார். மனைவிக்குத் தனி வருமானம் இல்லை என்று கொள்வோம். 2025-26 நிதியாண்டில் புதிய வரிமுறைப்படி, 15 இலட்சத்தில் நிலையான கழிவு 75,000 போக, அவர் செலுத்த வேண்டிய வரி செஸ் உட்பட 97,500 ரூபாய். அதே தொகை இருவருக்கும் ஆளுக்குப் பாதியாகக் கணக்கிடப்பட்டால், ஒவ்வொருவர் வருமானமும் 12 இலட்சத்துக்குள் அடங்கிவிடும். வரித் தள்ளுபடியால் அந்த வீடு ஒரு ரூபாயும் செலுத்த வேண்டியதில்லை.

பாதியை மனைவியின் வங்கிக் கணக்குக்கு மாற்றிவிட்டால் போதும் என்று பலர் நம்புகிறார்கள். போதாது. வருமானத்தின் மூலத்தைத் தம்மிடம் வைத்துக்கொண்டு வருமானத்தை மட்டும் பிறருக்கு அளித்தால், அது அளித்தவரின் வருமானமே என்கிறது வருமான வரிச் சட்டம். மூலத்தையே எழுதிக் கொடுக்கவும் இயலாது. வரவிருக்கும் அரசு ஓய்வூதியத்தை முன்கூட்டியே பிறருக்கு உரிமை மாற்றுவது செல்லாது என 1871ஆம் ஆண்டு ஓய்வூதியச் சட்டம் தடுத்துவிட்டது. கொடுத்த பணத்தை மனைவி வைப்பில் இட்டால், அதன் வட்டியும் அச்சட்டத்தின்படி கணவர் கணக்கிலேயே சேரும்.

தம்பதியர் வருமானத்தைப் பகிர்வது இந்தியச் சட்டத்துக்கு அந்நியமான கருத்தா? இல்லை. போர்த்துக்கீசியக் குடிமைச் சட்டத்தின் பொதுச்சொத்து முறை நிலவும் கோவாவில், வாடகை, வட்டி, தொழில் இலாபம் ஆகியவற்றைக் கணவன் மனைவி இருவருக்கும் சமமாகப் பிரித்தே வரி கணக்கிட வேண்டும் என வருமான வரிச் சட்டம் விதிக்கிறது. விலக்கு ஒன்றே ஒன்று: சம்பளம். சம்பளம் எது என வரையறுக்கும் பிரிவோ ஓய்வூதியத்தையும் அச்சொல்லுக்குள் அடக்கிவிடுகிறது. ஆக, கடையின் இலாபத்தில் பங்குடைய கோவா மனைவிக்குக்கூட ஓய்வூதியத்தில் பங்கில்லை.

மொழியியல் பயின்ற எனக்கு இவ்வரையறையின் அடுத்த திருப்பமே வியப்பளிக்கிறது. கணவர் இறந்த பின் மனைவி பெறும் குடும்ப ஓய்வூதியம் சம்பளம் அன்று. அது 'இதர வருமானம்' என்னும் தலைப்பில் அவர் பெயரிலேயே வரிக்குட்படுகிறது. அவர் இல்லம் காத்த உழைப்பை ஏற்றுக்கொள்ளச் சட்டத்துக்கு ஒரு மரணம் தேவைப்படுகிறது.

பகிர்வை அனுமதித்தால் போலிக் கைமாற்றங்கள் பெருகும் என்பர். நிலத்துக்கும் பங்குகளுக்கும் அவ்வச்சம் பொருந்தும். கருவூலம் மாதந்தோறும் வழங்கும் ஓய்வூதியத்தில் எதை ஒளிக்க முடியும்? மேல்வருவாயினருக்கே இலாபம் என்னும் வாதம் வலுவுடையது. உச்சவரம்பு அதற்கு விடை. கனடா 2007ஆம் ஆண்டு முதல் தகுதியுள்ள ஓய்வூதியத்தில் பாதிவரை துணைவர் கணக்கில் காட்ட அனுமதிக்கிறது. இருவரும் இசைந்து கையொப்பமிட வேண்டும். அரசின் முதியோர் உதவித்தொகை இப்பகிர்வில் சேராது. வரம்பிட்டுப் பகிர வழியுண்டு என்பதற்கு அதுவே சான்று.

நாம் கோர வேண்டியது சிறிய திருத்தமே: கோவாவுக்கான விதியின் விலக்கிலிருந்து ஓய்வூதியத்தை நீக்குங்கள், பிறகு அவ்வுரிமையை, உச்சவரம்புடன், கோவாவுக்கு வெளியே உள்ள தம்பதியருக்கும் விரியுங்கள்.