34 வீதத்தில செத்துப்போற போன்

போன செமஸ்டர் எக்ஸாம் ரைம்டேபிளை நோட்டிஸ் போர்ட்டில ஒட்டின அண்டு, எங்கட கூட்டத்தில ஒருத்தி அதைப் படமெடுக்கப் போனைத் தூக்கினாள். பற்றரி 34 வீதம். கமராவைத் திறந்து ஃபிளாஷும் போட்டாள், போன் அப்பிடியே ஓஃப். ஹொஸ்டலுக்கு வந்து சார்ஜரைக் குத்தி உடனே ஓன் பண்ணினால் 31 எண்டு காட்டுது. ரெண்டாம் நாள் கடைக்குக் கொண்டு போனோம். "சொப்ட்வெயார் பிரச்சினை, அடிச்சுத் தாறன்" எண்டார் கடைக்காரர். காசும் குடுத்தாச்சு, போனில கிடந்த படங்களும் போச்சு. ஒரு கிழமையில திரும்பவும் அதே கதை.

அந்தக் காசு வீண் எண்டுதான் நாங்கள் சொல்லுவோம். பிழை எங்கே இருக்கெண்டு கண்டுபிடிக்கிற குறிப்பு அந்த 31இலேயே இருந்தது. அதை நாங்களும் கவனிக்கேல்லை, அவரும் கேட்கேல்லை.

திரையில தெரியிற வீதம் அளந்து பார்த்த அளவு இல்லை, அது ஒரு கணக்கு. பற்றரிக்குள்ளே எவ்வளவு மின்னோட்டம் போனது, எவ்வளவு வந்தது எண்டு போனுக்குள்ள ஒரு சின்னச் சிப் எழுதிக்கொண்டே இருக்கும். பற்றரி பழசாகி அதன் கொள்ளளவு குறைஞ்ச பிறகும் சிப் பழைய கணக்கிலேயே நிண்டால், 20 எண்டு காட்டிக்கொண்டிருந்தது திடீரெண்டு 4க்கு விழும். உண்மையில பற்றரி வெறுமையாகீட்டுது, கணக்குத்தான் பிந்தி வருது. இது முதலாவது வகை.

எங்கட சிநேகிதியின்ர போனுக்கு வந்தது ரெண்டாவது வகை. வீட்டுத் தண்ணித் தாங்கியில பாதிக்குத் தண்ணி இருக்கு, ஆனால் குழாய் உள்ளுக்குள்ள துருப்பிடிச்சு ஒடுங்கிப் போச்சு எண்டு வையுங்கோ. ஒரு பைப்பைத் திறந்தால் வரும், ரெண்டைத் திறந்தால் நூலாய் வடியும். பற்றரி வயசாக அதன் உள்தடை கூடுறதும் இப்பிடித்தான். உதாரணத்துக்கு ஒரு கணக்கு: சும்மா இருக்கேக்க பற்றரி 3.7 வோல்ற். கமராவும் ஃபிளாஷும் சேர்ந்து ஒரு கணம் 2 அம்பியர் இழுக்குது. புதுப் பற்றரியின்ர தடை 0.1 ஓம் எண்டால் 0.2 வோல்ற்தான் இறங்கும், 3.5இல போன் தாக்குப்பிடிக்கும். பழசின்ர தடை 0.25 ஓம் எண்டால் அரை வோல்ற் இறங்கி 3.2க்கு வந்துடும். அந்த இடத்தில தன்னைக் காப்பாற்ற போன் தானே நிண்டுடும். குளிரிலயும் தடை கூடும். நுவரெலியா ட்ரிப்பில விடியக்காலமை செத்த போன், பொக்கெற்றுக்குள்ள சூடாக உயிர்த்தது அதனாலதான்.

ஆகவே போன் நிண்டவுடனே சார்ஜரில போட்டு முதல் தெரியிற எண்ணைப் பாருங்கோ. 2, 3 எண்டு காட்டினால் கணக்குப் பிழை. நிண்ட இடத்துக்குக் கிட்டவே காட்டினால், அதுவும் கமரா, கேம், வீடியோ கோல் நேரத்தில மட்டும் நிண்டால், தடைதான் பிரச்சினை.

கணக்குப் பிழைக்குக் கலிபிரேஷன் உதவும். 100 வந்த பிறகும் ஒரு மணித்தியாலம் சார்ஜரிலேயே விடுங்கோ. பிறகு இடையில சார்ஜ் போடாமல் தானாய் நிக்கும்வரை பாவியுங்கோ. ரெண்டு மூண்டு மணித்தியாலம் அப்பிடியே கிடக்கட்டும். பிறகு ஒரே இழுவையில 100 வரை ஏத்துங்கோ. ஒருக்கால், மிஞ்சினால் ரெண்டுதரம் போதும். மாசாமாசம் செய்தால் பற்றரிக்குத்தான் கேடு. கலிபிரேட் பண்ணித்தாறம் எண்டு வாற ஆப்கள் சிப்பின்ர கணக்கைத் தொடுறதே இல்லை.

தடை கூடினதுக்குக் கலிபிரேஷனும் இல்லை, சொப்ட்வெயாரும் இல்லை. அப்பிள் 2017இல செய்ததைப் பாருங்கோ: பழைய ஐபோன்கள் திடீரெண்டு நிக்காமலிருக்க, அப்டேட் ஒண்டில அதுகளின்ர வேகத்தைக் குறைச்சது. நிக்கிறது குறைஞ்சது, ஆனால் போன் மந்தமாச்சு. குட்டு வெளிப்பட்ட பிறகு பற்றரி மாத்துற விலையை 79 டொலரில இருந்து 29க்கு இறக்கவேண்டி வந்தது. பற்றரி மாத்தின போன்கள் பழைய வேகத்துக்குத் திரும்பினது.

எங்களில கனபேர் இந்தக் கட்டத்திலதான் "போன் முடிஞ்சுது" எண்டு புதுசு வாங்கத் தவணைக்கு ஓடுறம். நாலு வருஷப் போனில முடிஞ்சது பற்றரி மட்டும்தான். மலிஞ்ச போலிப் பற்றரியைப் போட்டால் அதே கூத்து சீக்கிரம் திரும்பும், அதால காசு கொஞ்சம் கூடினாலும் உத்தரவாதம் தாற கடையாய்ப் பாருங்கோ. மாத்தின உடனே வீதம் கொஞ்சம் தடுமாறினால் பயப்பிடத் தேவையில்லை, அப்ப ஒருக்கால் கலிபிரேட் பண்ணலாம்.

சிநேகிதி கடைசியில வேற கடையில பற்றரியை மாத்தினாள். பின்மூடியைக் கழட்டேக்கதான் தெரிஞ்சது, பழசு நடுவில லேசாய் வீங்கியிருந்தது. மூடி ஒரு பக்கம் கிளம்பி நிண்டதை நாங்கள் கவரின்ர பிழையெண்டு நினைச்சிருந்தோம். அப்பிடிக் கிளம்பினால் வீதத்தைப் பார்த்துக்கொண்டு நிக்காதேங்கோ, சார்ஜ் போடுறதை அண்டைக்கே நிப்பாட்டுங்கோ.