அனாமத்து ஆண்டுகளும் அழகான அட்டவணையும்

போன மாதம் ஹாஸ்டலில் ஒரு பி.டி.எஃப் சுற்றிக்கொண்டிருந்தது. போட்டித் தேர்வுக்குப் படிக்கும் யாரோ சிலர் வரலாற்றுப் பாடப்புத்தகத்தைப் பக்கம் பக்கமாக செல்போனில் படமெடுத்து, அதிலிருக்கும் ஆண்டுகளைப் பொறுக்கி எடுத்து, வரிசையாக அடுக்கியிருந்தார்கள். இடப்பக்கம் ஆண்டு, வலப்பக்கம் சம்பவம். கலர் கலராக, பார்க்க அம்சமாக இருந்தது. நானும் ஒரு காப்பி எடுத்துக்கொண்டேன்.

அதில் முதலாம் ராஜேந்திர சோழனின் கடார வெற்றிக்கு நேராக 1028 என்று போட்டிருந்தது. நமக்குத் தெரிந்தது 1025 ஆயிற்றே என்று மூலப் பக்கத்தின் படத்தை வாங்கிப் பார்த்தேன். அந்தப் பக்கத்தில் 1028 என்ற எண்ணே கிடையாது! அப்புறம் எங்கிருந்துதான் முளைத்தது?

பத்தியில் இருந்த விஷயம் இவ்வளவுதான். ராஜேந்திரனின் ஆட்சிக்காலம் 1014 முதல் 1044 வரை. கடாரத்தை வென்ற செய்தி அவனுடைய 14ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டில் வருகிறது. நம்ம ஆள் 1014உடன் 14ஐக் கூட்டிவிட்டார். கூட்டல் சரி, விடை தப்பு.

ஏன் தப்பு என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். முதலாவது, ஆட்சியாண்டு என்பது முடிந்த ஆண்டல்ல, நடப்பு ஆண்டு. பட்டத்துக்கு வந்த அன்றே முதலாம் ஆண்டு தொடங்கிவிடுகிறது. ஆகவே 14ஆம் ஆண்டு என்றால் கூட்ட வேண்டியது 13. இரண்டாவது, எங்கிருந்து கூட்டுவது? ராஜராஜன் உயிரோடிருக்கும்போதே 1012இல் மகனைத் தன்னோடு சேர்த்து ஆள வைத்துவிட்டான். ராஜேந்திரனின் கல்வெட்டுகள் அந்த 1012இலிருந்துதான் ஆண்டை எண்ணுகின்றன. பாடப்புத்தகம் தகப்பனுக்குப் பிறகு தனியாக ஆண்ட காலத்தை வைத்து 1014 என்கிறது. இரண்டும் சரிதான், ஆனால் இரண்டும் வேறு வேறு கணக்கு. 1012உடன் 13ஐக் கூட்டினால் 1025. அந்த ஆட்சியாண்டு 1025இன் நடுவில் தொடங்கி 1026இன் நடுவில் முடியும்.

இத்தோடு முடிந்ததா என்றால் இல்லை. கல்வெட்டில் வெற்றி பேசப்படுகிறது என்றால், கல் வெட்டுவதற்கு முன்பே வெற்றி நடந்துவிட்டது என்றுதான் அர்த்தம். அந்த ஆண்டிலேயே நடந்தது என்று அர்த்தமில்லை. அதனால் அந்தப் பத்தியிலிருந்து நேர்மையாக எழுதக்கூடியது "1026க்குள், அநேகமாக 1025" என்பதுதான்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அதே பி.டி.எஃபில் தஞ்சைப் பெரிய கோயிலுக்கு 1010 என்று சரியாக இருந்தது. ராஜராஜன் தன் 25ஆம் ஆண்டின் 275ஆம் நாளில் விமானத்தின் உச்சியில் வைக்க செப்புக் கலசம் கொடுத்ததைக் கல்வெட்டு சொல்கிறது. இங்கேயும் 985உடன் 25ஐக் கூட்டியிருப்பார்கள். முறை தப்பு, விடை மட்டும் அதிர்ஷ்டத்தில் சரி. ராஜராஜன் பட்டமேறியது 985 ஜூன் 25க்கும் ஜூலை 25க்கும் இடையில் என்று கணித்திருக்கிறார்கள். அப்படியானால் 25ஆம் ஆண்டு தொடங்குவது 1009இன் நடுவில். அங்கிருந்து 275 நாள் எண்ணினால் 1010 மார்ச் கடைசியிலிருந்து ஏப்ரல் கடைசிக்குள் வந்து நிற்கும். அந்த 275க்குப் பதில் 75 என்று இருந்திருந்தால் 1009! இப்படித் தப்பான வழியில் வந்த சரியான விடைதான் ஆபத்து. அடுத்த கணக்குக்கும் அதே வழியை நம்பிப் போக வைக்கும்.

படமெடுப்பதில் வரும் தொல்லை தனி. புத்தகம் தைத்திருக்கும் நடுப்பகுதியில் நிழல் விழுந்து, வரியின் கடைசி எண் காணாமல் போகும். எழுத்துணரி மென்பொருளில் போட்டால் 1012ஐ 1072 என்று படிக்கும். இதையாவது பிடித்துவிடலாம், 1044இல் முடிந்த ஆட்சியில் 1072 வராதே. ஆனால் 1023ஐ 1028 என்று படித்தால் எந்தச் சோதனையிலும் மாட்டாது, படத்தைத் திரும்பப் பெரிதாக்கிப் பார்த்தால்தான் உண்டு. இன்னொன்று, பக்கத்தின் முதல் வரி "அதே ஆண்டில்" என்று தொடங்கும். அந்த ஆண்டு முந்தைய படத்தில் இருக்கும். படங்கள் வரிசை மாறி வந்திருந்தால், சம்பந்தமில்லாத ஆண்டில் போய் ஒட்டிக்கொள்ளும். அதனால் எழுத ஆரம்பிக்கும் முன் படங்களைப் பக்க எண்படி அடுக்குங்கள் என்பது என் முதல் வேண்டுகோள்.

நான் பி.காம். படிக்கிறவன், எனக்குத் தெரிந்த பாஷையில் சொல்கிறேன். இருப்பாய்வில் இரண்டு பக்கமும் ஒத்துவரவில்லை என்றால் வித்தியாசத்தை அனாமத்துக் கணக்கில் வைப்போம். பிழை எங்கே என்று தெரியும் வரை அது அங்கேயே கண்ணை உறுத்திக்கொண்டு இருக்கும். யாராவது அதைச் சும்மா விற்பனைக் கணக்கில் சேர்த்துவிட்டு "டேலி ஆகிவிட்டது சார்" என்றால் அதற்குப் பெயர் மோசடி. வரலாற்று அட்டவணையில் மட்டும் "ஏறத்தாழ", "வாக்கில்" எல்லாவற்றையும் அழித்துவிட்டு ஒற்றை எண்ணைப் போட்டால் அது எப்படித் தெளிவு ஆகும்?

ஆதித்த கரிகாலன் கொலையை எடுத்துக்கொள்ளுங்கள். 969 என்பாரும் உண்டு, 971 என்பாரும் உண்டு. உடையார்குடிக் கல்வெட்டு, கொலையில் சம்பந்தப்பட்டவர்களின் சொத்துகளைப் பறிமுதல் செய்ததைப் பற்றிப் பேசுகிறது. அது ராஜராஜனின் இரண்டாம் ஆண்டு, அதாவது 986-87. கல்வெட்டின் ஆண்டு பறிமுதலுக்கு உரியது, கொலைக்கு உரியதல்ல. அட்டவணையில் இவை இரண்டு தனி வரிகளாக வரவேண்டும். முதல் வரிக்கு "969-971, ஐயம்" என்று குறி போட வேண்டும்.

செய்யவேண்டியது பெரிய வேலை ஒன்றும் இல்லை. ஆண்டுக்கு ஒரு கட்டத்துக்குப் பதில் இரண்டு கட்டம் போடுங்கள்: எவ்வளவு முன்னால் இருக்கலாம், எவ்வளவு பின்னால் இருக்கலாம். பக்கத்தில் இன்னொரு கட்டம்: புத்தகத்திலேயே இருந்ததா, நாம் கணக்குப் போட்டதா, படத்தில் தெளிவில்லாமல் ஊகித்ததா. முதல் சம்பவத்தின் பின்னெல்லை இரண்டாவதன் முன்னெல்லைக்கு முந்தியிருந்தால்தான் ஆண்டை வைத்து வரிசைப்படுத்தலாம். எல்லைகள் ஒன்றின்மேல் ஒன்று விழுந்தால், பத்தியே "அதன் பிறகு" என்று சொல்கிறதா என்று பாருங்கள். கங்கை வெற்றி முந்தியது, கடாரம் பிந்தியது என்பதை மெய்க்கீர்த்தியின் வரிசையே சொல்லிவிடுகிறது, அதற்கு ஆண்டு தேவையில்லை. அப்படி எதுவும் சொல்லாவிட்டால் இரண்டையும் ஒரே வரியில் வைத்துவிட்டு நகருங்கள்.

"பரீட்சையில் ஒரே ஒரு ஆண்டைத்தானே கேட்கிறான்?" என்று அந்த பி.டி.எஃப் தந்த நண்பர் கேட்டார். நியாயம்தான். கேட்டால் 1025 என்று எழுதிவிட்டு வாருங்கள், நான் வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் குறி போட்டு வைத்திருந்தவனுக்கு 1028ஐப் பார்த்ததும் சந்தேகம் வந்திருக்கும். குறியில்லாத அட்டவணையை மனப்பாடம் செய்தவனுக்கு வராது. பரீட்சை ஹாலில் மதிப்பெண் போவதும் அவனுக்குத்தான்.

அந்த பி.டி.எஃப் இன்னும் சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது. உங்கள் கைக்கு வந்தால் கடாரத்துக்கு நேராகப் பேனாவால் ஒரு கேள்விக்குறி போட்டுவிட்டு அடுத்தவருக்குக் கொடுங்கள். புண்ணியமாகப் போகும்.