நற்சான்றுக்கு மூன்று மாத ஆயுள்

நன்னிலைச் சான்றிதழ் என்பது, ஒரு மருத்துவரின் பதிவு நடப்பில் உள்ளது, அவர்மீது ஒழுங்கு நடவடிக்கை இல்லை என்று பதிவு செய்த மன்றம் தரும் உறுதி. பிரிட்டனின் பொது மருத்துவ மன்றம் இதைக் கையெழுத்தான நாளிலிருந்து மூன்று மாதத்துக்கே ஏற்கிறது. சிக்கல் பெரும்பாலும் இங்கேதான். தேனாம்பேட்டையில் பணிபுரியும் மருத்துவர் ஒருவர் ஜனவரி 10 தேதியிட்ட சான்றைப் பெற்றுவிட்டு, பிரிட்டனில் பதிவு பெறுவதற்கான தேர்வு முடிவுக்காக மே வரை காத்திருந்தால், ஏப்ரலிலேயே அது செல்லாக்காசு. தமிழ்நாடு மருத்துவ மன்றத்திடம் மறுபடி விண்ணப்பிக்க வேண்டும். ஆகவே தேர்வுகள் முடிந்து, பிற ஆவணங்கள் கைக்கு வந்தபின் இதைக் கேட்பதே நல்லது. பதிவைப் புதுப்பிக்கும் வேலையை மட்டும் முன்னதாகவே முடித்துவிடலாம். பதிவு காலாவதியாகியிருந்தால் நன்னிலைக்கு யாரும் சாட்சி சொல்ல முடியாது. கடந்த ஐந்தாண்டில் கர்நாடகத்திலும் பதிவு செய்து பணியாற்றியவர் அங்கிருந்தும் தனிச் சான்று பெற வேண்டும்.

இன்னொன்று, நம் ஊருக்கே உரிய தலைவலி: முதலெழுத்து. பதிவேட்டில் ‘எஸ். கார்த்திக்’, கடவுச்சீட்டில் ‘கார்த்திக் சுப்பிரமணியன்’ என்றிருந்தால், இருவரும் ஒருவரா என்ற கேள்வி எழும். அதைப் புதுப்பித்தலின்போதே சரிசெய்யக் கோருவது எளிது.