வேலையை விடுமுன், கடை எடுக்குமுன்

உணவகச் சமையலறைகளில் ஆண்டுக்கணக்காக உழைத்த எம்மவர் ஒருவர் சொந்தமாகக் கடை திறக்க எண்ணுகையில் என்ன செய்கிறார்? வேலையை விடுகிறார்; சீட்டுப் பணத்தை எடுக்கிறார்; வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்திடுகிறார். அதன் பின்னரே அரச உதவி உண்டா என விசாரிக்கிறார். அப்போது காலம் கடந்துவிடுகிறது.

சுவிஸ் வேலையிழப்புக் காப்புறுதிச் சட்டத்தின் 71 ஏ பிரிவைப் பற்றியே கூறுகிறோம். சுயதொழிலைத் திட்டமிடும் காலத்துக்கு 90 நாட்கள் வரை சிறப்பு நாட்கொடுப்பனவு வழங்க அது இடமளிக்கிறது. அக்காலத்தில் வேலை தேடிய சான்றுகளைக் காட்ட வேண்டியதில்லை. ஆனால் விண்ணப்பிப்பவர் தமது தவறின்றி வேலை இழந்தவராகவும், குறைந்தது 20 வயதினராகவும் இருத்தல் வேண்டும். கடை திறப்பதற்கெனத் தாமே வேலையை விட்டவருக்கு இது கிட்டாது. தொழிலைத் தொடங்கிவிட்டவருக்கும் கிட்டாது. இவ்வுதவி திட்டமிடலுக்கே உரியது.

ஓர் உதாரணம் பார்ப்போம். பேர்ணில் உணவகமொன்று மூடப்பட, அதன் சமையற்காரர் வேலை இழக்கிறார். அவர் பிள்ளைகளுள்ளவர், காப்புறுதிக்குட்பட்ட சம்பளம் மாதம் 4,340 பிராங். மாதத்துக்கு 21.7 நாட்கள் என்ற கணக்கில் நாளொன்றுக்கு 200 பிராங். அதில் 80 வீதமாக 160 பிராங் கிடைக்கும். 90 நாட்களும் அனுமதிக்கப்பட்டால் 14,400 பிராங். வாரத்துக்கு ஐந்து நாட்களே கணக்கிடப்படுவதால் இது நான்கு மாதத்துக்குச் சற்றுக் கூடுதலான காலத்துக்கு வரும்.

இது இனாமன்று. அவருக்குரிய 400 நாட்களில் 90 கழிந்து 310 மிஞ்சும். அடுப்பு வாங்கவோ கடை முற்பணம் கட்டவோ தரப்படும் பணமுமன்று; வீட்டுச் செலவுக்கானது. எனினும் தொழிலைத் தொடங்கினால், மிஞ்சிய நாட்களைப் பெறுவதற்கான காலவரம்பு நான்காண்டாகிறது. கடை நட்டப்பட்டு மூடப்பட்டால் அவர் வெறுங்கையுடன் நிற்கமாட்டார்.

ஆகவே அவர் முதலில் ஆர்.ஏ.வி. எனப்படும் வட்டார வேலைவாய்ப்பு நிலையத்திற் பதிய வேண்டும். பின்னர் திட்டத்தின் வரைவொன்றை ஒப்படைக்க வேண்டும். "தமிழ்ச் சாப்பாட்டுக் கடை" என்று எழுதினாற் போதாது. எதை விற்பது, யார் வாங்குவர், செலவும் வரவும் எவ்வளவு, முதல் எங்கிருந்து வரும், தமக்கு அத்தொழிலில் என்ன அனுபவம் என்பன அதிலே தெளிவாக இருத்தல் வேண்டும். கணக்கியல் அறிவும் கேட்கப்படும்; இல்லாதவர் தொழில் தொடங்குவோருக்கான பயிற்சி வகுப்புக்கும் சேர்த்துக் கேட்கலாம். மொழி தடையானால் பிள்ளைகளின் உதவியுடனாவது எழுதுங்கள். எண்கள் மட்டும் உங்களுடையனவாகட்டும். ஏனெனில் ஆலோசகர் உங்களிடமே கேட்பார்.

கடைசிச் சிறப்புக் கொடுப்பனவைப் பெறுமுன், தொழிலைத் தொடங்குவதா இல்லையா என்பதை நிலையத்துக்கு அறிவித்துவிட வேண்டும்.

வதிவிட அனுமதியையும் பார்த்துக்கொள்ளுங்கள். 'எஃப்' அனுமதியுடையோரும் ஏற்றுக்கொள்ளப்பட்ட அகதிகளும் 2019 ஜனவரி முதல் தொழில் தொடங்குமுன் மாநிலத்துக்கு அறிவித்தாற் போதும். 'என்' அனுமதியில் தீர்ப்புக்காகக் காத்திருப்போருக்குச் சம்பள வேலைக்கே அனுமதி கிடைக்கும், சுயதொழிலுக்கில்லை. அவர்கள் மற்றவர் பெயரிலே கடை எடுக்கும் வழக்கத்தை நாம் அறிவோம். அக்கடையின் கடனுக்கு அந்த மற்றவரே பொறுப்பாளி.