வலீமாக் கணக்கும் ஒரு சோடி காப்பும்

கொஞ்சம் நீளமாகத்தான் வரும். பொறுமையாக வாசியுங்கள். கல்யாண வீடு வரப்போகிறவர்கள் கட்டாயம் வாசியுங்கள்.

போன மாதம் என்னிடம் படித்த ஒரு பிள்ளை வீட்டுக்கு வந்தான். அவனுடைய வலீமா முடிந்து ஒன்பது நாள். கையில் ஒரு கொப்பித்தாள். "ஸேர், இந்தக் கணக்க ஒருக்கா பாருங்களேன். எங்க பிழைச்சதெண்டு எனக்கு விளங்குதில்ல" என்றான். பிழைத்த தொகை எவ்வளவு என்று கேட்டேன். 98 ஆயிரம். அதை எப்படிக் கட்டினாய் என்று கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டான். மஹராகக் கொடுத்த காப்புச் சோடியை மனைவியிடம் கேட்டு வாங்கி, வலீமா முடிந்த அடுத்த நாள் காலையில் அடகு வைத்திருக்கிறான்.

மஹர் அந்தப் பிள்ளையின் சொத்து. அதில் மாப்பிள்ளைக்கும் பங்கில்லை, மாமிக்கும் பங்கில்லை, சமைத்தவருக்கும் பங்கில்லை. ஊருக்குச் சோறு போட்ட கடனை அவளுடைய காப்பு அடைத்திருக்கிறது. இதற்குப் பிறகும் "கல்யாண வீட்டில் கணக்குப் பார்த்தால் பரக்கத் போய்விடும்" என்று சொல்லும் பெரியவர்கள் யாராவது இருந்தால், அவர்களுக்குத்தான் இதை எழுதுகிறேன்.

ஆடம்பரக் கல்யாணம் வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. அதை ஜும்ஆவில் கேட்டுக் கேட்டு நமக்குக் காது மரத்துவிட்டது. இந்தப் பிள்ளை ஆடம்பரமும் செய்யவில்லை. அவன் தாளில் இருந்தது இவ்வளவுதான்: ஆட்கள் 640 பேர். சாப்பாடு ஆளுக்கு 1,500 ரூபா, மொத்தம் 9 இலட்சத்து 60 ஆயிரம். மண்டப வாடகை 1 இலட்சத்து 75 ஆயிரம். மேடையும் அலங்காரமும் 1 இலட்சத்து 20 ஆயிரம். எல்லாம் சேர்த்து 12 இலட்சத்து 55 ஆயிரம். கொடுத்த அட்வான்ஸ் 3 இலட்சத்து 75 ஆயிரம். மிச்சம் 8 இலட்சத்து 80 ஆயிரம். கையில் 9 இலட்சம் இருந்தது. பெரும்போக நெல் விற்ற காசும் சேமிப்பும். 20 ஆயிரம் மிஞ்சும் என்று நிம்மதியாகப் படுத்திருக்கிறான்.

கூட்டிப் பாருங்கள். ஒரு பிழையும் கிடையாது. கணக்குப் பாடத்தில் இந்தத் தாளுக்கு நானே முழுப் புள்ளி போட்டிருப்பேன். அதுதான் இங்கே ஆபத்து. கூட்டல் சரியாக வந்துவிட்டால் கணக்கும் சரி என்று நினைத்துவிடுகிறோம். தாள் தன்னோடு தானே ஒத்துப்போகும். துண்டுகளோடு ஒத்துப்போகிறதா என்று யாரும் பார்ப்பதில்லை.

அதனால் "துண்டுகளைக் கொண்டு வா" என்றேன். மோட்டார் சைக்கிள் பெட்டிக்குள் மூன்று துண்டும் இருந்தன. இவ்வளவு நாளும் அங்கேயேதான் இருந்திருக்கின்றன.

முதலில் சாப்பாட்டுக்காரரின் துண்டு. அதில் "ஆளுக்கு 1,500" என்று எங்குமே இல்லை. "சஹன் 9,000" என்றுதான் இருந்தது. ஒரு சஹனில் ஆறு பேர், ஒன்பதாயிரத்தை ஆறால் பிரித்தால் 1,500 என்று இவனாகவே போட்டிருக்கிறான். பிரித்தது சரி. ஆனால் சாப்பாட்டுக்காரர் விற்பது ஆளை அல்ல, சஹனை. ஒரு சஹனைச் சுற்றி ஆறு பேர் இருந்தாலும் 9,000, நாலு பேர் இருந்தாலும் 9,000. தரம் ஆறில் நாங்கள் படிப்பிக்கிற அலகு மாற்றம்தான் இது. வாழைப்பழத்தைச் சீப்புக் கணக்கில் விற்கிறவனிடம் போய் எனக்கு மூன்றில் இரண்டு சீப்பு தா என்றால் தருவானா?

640 ஐ ஆறால் பிரித்தால் 106 சஹனும் கொஞ்சமும். அந்தக் கொஞ்சத்துக்கும் முழுச் சஹன்தான் வரும், ஆகவே 107. இதில் இடிப்பது 3 ஆயிரம் ரூபாதான், பெரிதில்லை. இடி அடுத்ததில் இருக்கிறது. நம் மண்டபங்களில் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். ஆண்கள் பக்கம் ஆறு ஆறாக உட்கார்த்திவிடலாம். சஹனில் ஒரு இடம் காலியென்றால் வாசலில் நிற்கிற யாரையாவது இழுத்து வைத்துவிடுவோம். பெண்கள் பக்கம் அது நடக்காது. மடியில் ஒன்று, பக்கத்தில் ஒன்று என்று பிள்ளைகள் இருப்பார்கள். தெரியாத ஆளோடு ஒரு சஹனில் இருக்கக் கூச்சப்படுவார்கள். மாமியும் மருமகளும் ராத்தாவும் ஒன்றாக இருந்தால்தான் சாப்பாடு இறங்கும். அதனால் அங்கே ஐந்து பேருக்கு ஒரு சஹன் என்று வைத்துக்கொள்வதுதான் யதார்த்தம். சமையல் வேலை செய்கிறவர்களைக் கேட்டுப் பாருங்கள், அவர்களும் இதைத்தான் சொல்வார்கள்.

இவனுடைய அழைப்பில் ஆண்கள் 340, பெண்கள் 300. ஆண்களுக்கு 57 சஹன். பெண்களுக்கு 60. மொத்தம் 117. ஒன்பதாயிரத்தால் பெருக்கினால் 10 இலட்சத்து 53 ஆயிரம். தாளில் இருந்ததைவிட 93 ஆயிரம் கூட. ஒரு ஆள்கூட அதிகமாக வரவில்லை. ஒருவரும் ஏமாற்றவில்லை. பில்லில் வந்ததும் அதே 117 தான்.

ஏமாற்றவில்லை என்று நான் சொல்வது என் கணக்கோடு அது ஒத்துப்போவதால். அன்று இரவு எத்தனை சஹன் வெளியே போனதென்று நம் பக்கத்தில் ஒருவரும் எண்ணவில்லை. பில்லில் 125 என்று போட்டிருந்தாலும் இவன் கட்டித்தான் இருப்பான். வாசலில் வரவேற்க மச்சான்மார் பத்துப் பேர் நிற்கிறார்கள். அவர்களில் ஒருவரைச் சமையலறை வாசலில் ஒரு கொப்பியோடு உட்கார வையுங்கள். சஹன் போகப்போக ஒரு கோடு, ஐந்தாவதுக்குக் குறுக்குக் கோடு. முடிந்ததும் சாப்பாட்டுக்காரரின் ஆளும் அதே தாளில் ஒப்பம் வைக்கட்டும். நல்ல சாப்பாட்டுக்காரர் இதற்குக் கோபிக்க மாட்டார். கோபித்தால், உங்களுக்கு ஒரு விசயம் தெரிந்துவிட்டது.

இன்னொன்றையும் அட்வான்ஸ் கொடுக்கும்போதே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்: நான் சொன்ன எண்ணிக்கையைவிடக் குறைவாக ஆட்கள் வந்தால் எதற்குக் காசு, சொன்னதற்கா, பரிமாறியதற்கா? கடைசியாக எண்ணிக்கையை எத்தனை நாளுக்கு முன் சொல்ல வேண்டும்? அழைத்த எண்ணிக்கை, உறுதி சொன்ன எண்ணிக்கை, பரிமாறிய எண்ணிக்கை என்பவை மூன்று வேறு எண்கள். நம் தாள்களில் மூன்றையும் "ஆட்கள்" என்ற ஒரே சொல்லில் எழுதிவிடுகிறோம்.

அடுத்தது மண்டபத் துண்டு. கொடுத்தது 75 ஆயிரம் என்று இருந்தது. அதற்குக் கீழே சின்ன எழுத்தில்: வாடகை முற்பணம் 50 ஆயிரம், பிணைப்பணம் 25 ஆயிரம். பிணைப்பணம் என்பது கதிரை, கண்ணாடி உடைந்தால் கழிப்பதற்கு அவர்கள் வைத்துக்கொள்வது. அது வாடகையில் கழியாது. கல்யாணம் முடிந்த பிறகுதான் திரும்பி வரும். இவன் 75 ஐயும் அட்வான்ஸ் என்று சேர்த்திருக்கிறான். ஆகவே மண்டபத்துக்கு மிச்சம் ஒரு இலட்சம் என்று நினைத்தான், அவர்கள் கேட்டது ஒன்றேகால் இலட்சம். சாப்பாட்டுக்குக் கொடுத்த இரண்டரை இலட்சமும் அலங்காரத்துக்குக் கொடுத்த 50 ஆயிரமும் உண்மையான அட்வான்ஸ்தான், அவற்றில் வில்லங்கம் இல்லை.

இப்போது சேர்த்துப் பாருங்கள். அன்று இரவு கட்ட வேண்டியது சாப்பாட்டுக்கு 8 இலட்சத்து 3 ஆயிரம், மண்டபத்துக்கு 1 இலட்சத்து 25 ஆயிரம், அலங்காரத்துக்கு 70 ஆயிரம். மொத்தம் 9 இலட்சத்து 98 ஆயிரம். கையில் இருந்தது 9 இலட்சம். அந்த 98 ஆயிரம்தான் காப்பு.

இதைப் பிடிக்கப் பெரிய படிப்பொன்றும் வேண்டாம். மொத்தத்தில் இருந்து மொத்த அட்வான்ஸைக் கழிக்காதீர்கள். மண்டபத்துக்கு ஒரு வரி, சாப்பாட்டுக்கு ஒரு வரி, அலங்காரத்துக்கு ஒரு வரி. ஒவ்வொரு வரியிலும் முழுத்தொகை, கொடுத்தது, மிச்சம். அந்த மிச்சத்தை அந்தந்த ஆளுக்கே ஃபோன் எடுத்துச் சொல்லுங்கள்: "நான் இன்னும் உங்களுக்கு ஒரு இலட்சம் தரவேணும், சரிதானே?" மண்டபக்காரர் அந்த இடத்திலேயே "இல்ல தம்பி, ஒண்டேகால்" என்று சொல்லியிருப்பார். ஒரு நிமிடக் கதை. பிணைப்பணத்தைச் செலவுக் கணக்கில் சேர்க்காமல் கீழே தனியாக எழுதி வையுங்கள். அது செலவல்ல, ஆனால் அன்றைய நாளில் உங்கள் கையில் இல்லாத காசு.

சிலர் இப்போது திருகோணமலைப் பக்கம் ஹோட்டலில் வைக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு வார்த்தை. மெனுத் தாளில் 3500++ என்று இருந்தால் அந்த இரண்டு சிலுவையையும் அலங்காரம் என்று நினைக்காதீர்கள். ஒன்று சேவைக் கட்டணம், மற்றது வரி. 10 வீதச் சேவைக் கட்டணத்தோடு 3,850. வற் வரி 2024 ஜனவரியில் இருந்து 18 வீதம், அதை 3,850 இன் மேல்தான் போடுவார்கள். ஆளுக்கு 4,543 ஆகிவிடும். 300 பேருக்கு நீங்கள் நினைத்ததைவிட மூன்று இலட்சத்துக்கு மேல் கூட.

2022 ஐயும் மறந்துவிடாதீர்கள். அந்த வருடம் செப்டெம்பரில் பணவீக்கம் 70 வீதத்தைத் தொட்டது. முன்பே அட்வான்ஸ் கட்டியவர்களுக்கும் விலை மாறியது. "அட்வான்ஸ் கட்டினேன், விலை நின்றுவிட்டது" என்பது துண்டில் எழுதியிருந்தால் மட்டும்தான் உண்மை.

எழுதுவதைச் சொன்னதும் வரும் பதில் எனக்குத் தெரியும்: "நம்மட ஆள் ஸேர், சாச்சாட மகன், அவரிட்ட எழுத்துக் கேட்கிறதா?" குர்ஆனில் ஆக நீளமான வசனம் எது என்று உங்கள் பிள்ளைகளைக் கேளுங்கள். சூரா அல்பகராவின் 282ஆவது வசனம். தொழுகையைப் பற்றியது அல்ல, கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பதைப் பற்றியது. சின்னத் தொகையென்றாலும் எழுதச் சோம்பாதே என்று அதில் இருக்கிறது. சாச்சாவின் மகனுக்கு விலக்கு இருப்பதாக நான் காணவில்லை. எழுத்து இருந்தால் சொந்தம் முறியும் என்கிறார்கள். எழுத்து இல்லாமல் முறிந்த சொந்தங்களை இந்த ஊரில் விரல்விட்டு எண்ணி முடிக்க முடியாது.

நம் வாப்பாமார் காலத்தில் முற்றத்தில் பந்தல் போட்டு, கிடாரத்தில் சமைத்து, அரிசி மூட்டையையும் மாட்டையும் கண்ணால் பார்த்துக் கணக்கு முடித்தார்கள். அரிசி முடிந்தால் இன்னொரு மூட்டை அவிழ்ப்பார்கள். கண்ணுக்கு முன்னால் இருந்ததால் தாள் தேவைப்படவில்லை. இப்போது மூன்று இடத்தில் மூன்று பேருக்குக் காசு கொடுத்துவிட்டு, அதே பழைய துணிச்சலோடு இருக்கிறோம்.

பிணைப்பணத்தில் உடைந்த இரண்டு கதிரைக்குக் கழித்துவிட்டு மிச்சத்தை மண்டபத்தில் கொடுத்துவிட்டார்கள். காப்பு இன்னும் மீளவில்லை, சிறுபோக அறுவடை வரை பொறுக்க வேண்டுமாம். அவனுடைய தம்பிக்கு ஹஜ்ஜுப் பெருநாள் முடிந்து கல்யாணம். நேற்று மஃரிபுக்குப் பிறகு தம்பியையும் கூட்டிக்கொண்டு வந்தான். புதுக் கொப்பி. முதல் வரியிலேயே, ஆண்கள் எத்தனை சஹன், பெண்கள் எத்தனை சஹன் என்று இரண்டு கட்டம் கீறியிருந்தார்கள்.