கேள்விக்குறி மேல என்னய்யா கோவம்?

போன வாரம் கடையநல்லூர்ல ஒரு டீக்கடை வாசல்ல ஆரம்பிச்ச சண்டை இது. இன்னும் அடங்கல. அதான் பதிவா போட்டுடலாம்னு உக்காந்துட்டேன்.

நம்மள மாதிரியே பொட்டி தட்டுற தம்பி ஒருத்தன். புதுசா ஒரு வலைச்செயலி எழுதிட்டிருக்கான். முகவரி எல்லாம் ஸ்லாஷ் ஸ்லாஷா அடுக்கி வச்சிருந்தான். "என்னடா இது, ரயில் பெட்டி மாதிரி போயிக்கிட்டே இருக்கு?"ன்னு கேட்டேன். "அண்ணே, கேள்விக்குறி வந்தா அசிங்கமா இருக்கும். ஸ்லாஷ்தான் சுத்தம், கூகுளுக்கும் அதான் புடிக்கும்"னான். வந்துச்சே எனக்கு கோவம்!

மக்களே, கேள்விக்குறி அழகா அசிங்கமாங்கிறது கேள்வியே இல்ல. ஸ்லாஷுக்குள்ள வர்ற ரூட் பாராமீட்டரும் கேள்விக்குறிக்கு அப்புறம் வர்ற குவரி ஸ்டிரிங்கும் ரெண்டு வேற வேலை செய்யுது. எது அந்தப் பொருளை இன்னதுன்னு அடையாளம் காட்டுதோ அது ஸ்லாஷுக்குள்ள. அந்தப் பொருளை எப்படிப் பாக்கணும், எதைக் கழிச்சுக் காட்டணும்னு சொல்றது கேள்விக்குறிக்குப் பின்னாடி. இவ்வளவுதான் மேட்டர். இதை அழகுப் போட்டியா மாத்தினா என்ன ஆகும்னு சொல்றேன். அடி வாங்கினது நான்தான், அதனால தைரியமா சொல்லலாம்.

2017ல குற்றாலத்துல லாட்ஜ் வச்சிருக்கிற அண்ணாச்சி ஒருத்தருக்காகவும் அவரு கூட்டாளிங்க சில பேருக்காகவும் ஒரு சின்ன தளம் செஞ்சு குடுத்தேன். அப்ப நானும் இந்தத் தம்பி மாதிரிதான். அதனால முகவரியை இப்படி வச்சேன்:

```
/tirunelveli/tenkasi/courtallam/lodge/aruvi-view
```

பாத்தா எவ்வளவு ஒழுங்கு! மாவட்டம், தாலுகா, ஊர், லாட்ஜ். தபால்ல விலாசம் எழுதுற மாதிரியே இருக்குன்னு எனக்கு ஒரே பெருமை. மாவட்டத்துப் பேரு ஊர்ப் பட்டியல் டேபிள்ல இருந்து வரும், அதை வச்சுத்தான் முகவரி தன்னால உருவாகும். அண்ணாச்சியும் ஆசையா விசிட்டிங் கார்டுலயே முகவரியை அடிச்சு வச்சுட்டார்.

2019 நவம்பர் 22. திருநெல்வேலியில இருந்து பிரிஞ்சு தென்காசி தனி மாவட்டமாச்சு. தமிழ்நாட்டோட 33வது மாவட்டம். ஊரே சந்தோசமா இருந்துச்சு, நானும்தான். அன்னிக்கு ராத்திரியே டேபிளைத் திறந்து திருநெல்வேலிங்கிறதை தென்காசின்னு மாத்திட்டுத் தூங்கப் போயிட்டேன். சரியான தகவல் போடணும்ல!

அது கார்த்திகை மாசம். ஐயப்ப பக்தர்கள் சபரிமலைக்குப் போற வழியில குற்றாலத்துல குளிச்சிட்டுப் போற நேரம், லாட்ஜ்காரங்களுக்கு ரெண்டாவது சீசன். நாலஞ்சு நாள் கழிச்சு அண்ணாச்சி கூப்பிட்டார். "ஏய் தம்பி, கார்டுல இருக்கிற அட்ரச அடிச்சா பக்கம் இல்லைன்னு வருதாம்லா. போன வருசம் வந்த சாமிமாரு இப்ப பக்கத்து லாட்ஜுக்குப் போயிட்டாவ."

லாகைத் திறந்து பாத்தா `/tirunelveli/` னு ஆரம்பிக்கிற அத்தனை வரிக்கும் 404. லாட்ஜ் அங்கேயேதான் இருக்கு. அருவியும் அங்கேயேதான் விழுது. கோடு மட்டும்தான் மாறிச்சு. நான் என்ன பண்ணியிருக்கேன்னா, லாட்ஜைப் பத்தின ஒரு *தகவலை* லாட்ஜோட *அடையாளமா* ஆக்கி வச்சிருக்கேன்.

இது ஏதோ 2019ல மட்டும் வந்த வினைன்னு நினைக்காதீங்க. நம்ம ஏரியா வரலாற்றைப் பாருங்க. பக்கத்துல இருக்கிற செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரைக்கும் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலம். அன்னிக்கு மாநிலமே மாறிச்சு. 1986ல தூத்துக்குடி தனி மாவட்டமா பிரிஞ்சுது. ஊர் நகரல, மேல இருக்கிற தலைப்புதான் நகந்துக்கிட்டே இருக்கு. தபால்காரங்க புத்திசாலிங்க. 1972ல இருந்து இருக்கிற பின்கோடு முறையில கடையநல்லூருக்கு 627751. மாவட்டம் பிரிஞ்சப்புறமும் அதே 627751தான். வருவாய்த் துறை மாவட்டத்தை எப்படிப் பிரிச்சாலும் கடிதம் வந்து சேருது.

இப்ப அந்தத் தம்பி கேக்குறான், "அப்போ மேல் படியே வேண்டாங்கிறீங்களா?" அப்படி இல்ல ராசா. லாட்ஜ்ல 12ஆம் நம்பர் ரூமை எடுத்துக்க. வெறும் 12ன்னா எந்த ரூம்? குற்றாலத்துல எத்தனை லாட்ஜ் இருக்கோ அத்தனை 12 இருக்கும். லாட்ஜ் பேரும் சேந்தாதான் அது இன்ன ரூம்னு தெரியும். அந்த ரூம் நாளைக்குக் கிளம்பி வேற லாட்ஜுக்குப் போகவும் போகாது. அதனால `/lodge/aruvi-view/room/12` சரி. இங்க மேல் படி அடையாளத்துல ஒரு பாகம். மாவட்டம் அப்படி இல்ல. அந்தத் தளத்துக்குள்ள `aruvi-view`ங்கிற பேரு ஒண்ணே ஒண்ணுதான், அதைக் கண்டுபுடிக்க மாவட்டம் தேவையே இல்ல.

சரி, எது எங்க போகணும்னு சந்தேகம் வந்தா எப்படிக் கண்டுபுடிக்கிறது? எனக்கு உதவுற ஒரு சோதனை இருக்கு: இல்லாத மதிப்பைக் குடுத்தா என்ன பதில் வரணும்? இல்லாத லாட்ஜ் பேரைக் குடுத்தா 404 வரணும், ஏன்னா அப்படி ஒரு பொருளே இல்ல. "ஏசி வேணும், 300 ரூவாக்குள்ள வேணும்"னு கேட்டா 404 வரக்கூடாது. பட்டியல் இருக்கு, அதுல ஒண்ணும் தேறல, அவ்வளவுதான். 200 குடுத்து காலிப் பட்டியலைக் காட்டணும். 404 நியாயம்னு படுறது ஸ்லாஷுக்குள்ள போகட்டும், காலிப் பட்டியல் நியாயம்னு படுறது கேள்விக்குறிக்குப் பின்னாடி போகட்டும்.

வார்த்தையைப் பாத்து முடிவு பண்ணாதீங்க, அது என்ன வேலை செய்யுதுன்னு பாருங்க. தேதியையே எடுத்துக்கோங்க. ஐந்தருவியில 2019 நவம்பர் 22ல தண்ணி எப்படி இருந்துச்சுன்னு ஒரு குறிப்பு எழுதி வச்சிருக்கோம். அந்தக் குறிப்புக்கு அந்தத் தேதிதான் பேரு. அதனால `/aruvi/aintharuvi/2019-11-22`. அதே நேரம் "17ல இருந்து 30 வரைக்கும் காட்டு"ன்னா அது ஒரு சல்லடை. அதனால `/aruvi/aintharuvi?from=2019-11-17&to=2019-11-30`. ரெண்டும் தேதிதான், ஆனா வேலை வேற.

சல்லடையை ஸ்லாஷுக்குள்ள திணிச்சா என்ன ஆகும்னும் பாத்துட்டேன். ஏசி, பார்க்கிங், வாடகை மூணையும் `/lodges/ac/parking/1500`னு வச்சிருந்தேன். மூணு விசயத்தை ஆறு வரிசையில எழுதலாம். நான் ஒரு வரிசைக்கு மட்டும்தான் கோடு எழுதினேன், மத்த அஞ்சும் வேலை செய்யாது. ஏசி வேண்டாங்கிறவன் `/lodges/parking/1500`னு போனா, என் கோடு `parking`ஐ ஏசி இருக்க வேண்டிய இடத்துல வச்சுப் படிக்குது. வேண்டாததை விட்டுட்டுப் போக வழியே இல்ல. இடம் முக்கியம்னா ஸ்லாஷ். விட்டாலும் பரவால்ல, வரிசை மாறினாலும் பரவால்லன்னா குவரி. எக்ஸ்பிரஸ்ல இவ்வளவுதான் எழுதணும்:

```js
app.get('/lodge/:slug', (req, res) => {
  // req.params.slug : எந்த லாட்ஜ்
});
app.get('/lodges', (req, res) => {
  // req.query.ac, req.query.max : எப்படிப்பட்டவை
});
```

எதிர்க்கட்சியிலயும் ஒரு கோஷ்டி இருக்கு. "எல்லாத்தையும் `page?type=lodge&id=47`னு போட்டுட்டா முடிஞ்சுது"ம்பாங்க. அய்யா, எல்லாமே விருப்பம்னு ஆகிட்டா `id` விட்டுப்போன முகவரிக்கு என்ன காட்டுவீங்க? `page`ங்கிறதுக்குன்னு தனியா ஒரு அர்த்தமும் இல்லையே. போதாக்குறைக்கு ஃபேஸ்புக் வழியா வர்றவங்க முகவரியில `fbclid`னு ஒரு வால் ஒட்டிக்கிட்டு வரும். அதை வெட்டுறேன்னு எவனாவது கேள்விக்குறியில இருந்து மொத்தமா வெட்டினா லாட்ஜும் சேந்து போயிடும். அடையாளம் ஸ்லாஷுக்குள்ள இருந்தா வாலை வெட்டினாலும் தலை நிக்கும்.

இங்க ஒரு நேர்மையான மறுப்பும் வரும். முகவரி இலக்கணத்தைச் சொல்ற ஆர்எஃப்சி 3986ல, பாதையோட குவரியும் சேந்துதான் பொருளை அடையாளம் காட்டுதுன்னு இருக்கு. ஒத்துக்கிறேன். பிரவுசருக்கும் கேஷுக்கும் `?max=1500` இருக்கிறதும் இல்லாததும் ரெண்டு வேற முகவரிதான். ஆனா அதே ஆவணம், பாதை படிப்படியான தகவலுக்கு, குவரி படிப்படியா இல்லாத தகவலுக்குன்னும் பிரிச்சுச் சொல்லுது. ஆக நான் சொல்றது பிரவுசருக்கான சட்டம் இல்ல, முகவரியை வடிவமைக்கிற நமக்கான நியாயம். எந்தப் பேரை வருசக்கணக்கா காப்பாத்தப் போறோம்னு நாமதான் முடிவு பண்றோம்.

நம்ம பதிவுகளையே பாருங்களேன். பிளாக்கர்ல `/2006/05/blog-post_12.html`னு வரும். (தமிழ்த் தலைப்பு வச்சா எல்லாமே blog-post ஆகிடும், அந்தச் சோகம் உங்களுக்கே தெரியும்!) அதுல இருக்கிற வருசமும் மாசமும் பதிவு வெளியான நாள். அது மாவட்டம் மாதிரி பிரியாது, அதனால ஸ்லாஷுக்குள்ள இருக்கலாம். செல்போன்ல பாத்தா கடைசியில `?m=1` ஒட்டிக்கும். பதிவு அதேதான், காட்டுற விதம் மட்டும் வேற, அதனால குவரி. டிம் பெர்னர்ஸ்-லீ 1998லயே நல்ல முகவரி மாறாதுன்னு எழுதி வச்சுட்டார். நாமதான் மாறுற சமாச்சாரத்தை எல்லாம் அதுல ஏத்துறோம்.

அண்ணாச்சி கதைக்கு முடிவு வேணும்ல? முகவரியை `/lodge/aruvi-view`னு சுருக்கினேன். பழைய கார்டுக்காக 301 போட்டு பழைய பாதையைப் புதுசுக்குத் திருப்பி விட்டேன். அதுலயும் ஒரு கோட்டை விட்டேன். பாதையை மட்டும் திருப்பினதுல கேள்விக்குறிக்குப் பின்னாடி இருந்த தங்குற தேதி எல்லாம் கொட்டிப் போச்சு. திருப்பும்போது குவரியையும் கையோட கூட்டிட்டுப் போகணும்னு அப்புறம்தான் உறைச்சுது. மாவட்டம் இப்ப `/lodges?district=tenkasi`னு சல்லடையா உக்காந்திருக்கு. நாளைக்கு இன்னொரு தடவை பிரிச்சாலும் லாட்ஜ் முகவரி அசையாது.

அந்த வருசம் போன சாமிமாரு எல்லாரும் திரும்பி வரல. அந்தக் கணக்கு அண்ணாச்சி நோட்டுல இருக்கு, எனக்கும் மறக்கல. அதனாலதான் டீக்கடையில தம்பிகிட்ட அவ்வளவு கத்தினேன்.

டிஸ்கி: தம்பி இந்தப் பதிவைப் படிச்சா, ஸ்லாஷ் அழகுதான்டா, நான் இல்லைன்னு சொல்லல. அந்த டீக்கு நான்தான் காசு குடுத்தேன், அதை மட்டும் ஞாபகம் வச்சுக்க :-) மத்தவங்க பின்னூட்டத்துல வந்து கும்முங்க.