முத்திரைக்குப் படம் போதாது

வைட்டமின் பாட்டிலின் மூடியைத் திறந்தால் வாயில் அலுமினியத் தாளும் மூடிக்குள் வட்டமான அட்டையும் தெரியும். தொழிற்சாலையில் இரண்டும் மெழுகால் ஒட்டிய ஒரே துண்டு. மூடியைத் திருகிய பின் மின்காந்தச் சுருளுக்கு அடியில் பாட்டில் செல்லும்போது தாள் சூடாகிறது. மெழுகு உருகி அட்டைக்குள் ஊறுகிறது. தாளின் அடிப்படலம் வாயோடு ஒட்டிக்கொள்கிறது. ஆகவே மூடிக்குள் கழன்று ஆடும் அட்டையைப் படம்பிடித்து, 'முத்திரை உடைந்திருக்கிறது' என்று புகார் அனுப்புவது வீண். பார்க்க வேண்டியது வாயின் விளிம்பு. அங்கே பசைத் தடமோ தூக்கிய ஓரமோ இருந்தால் சந்தேகிக்கலாம்.

குழந்தைப் பால்மாவு டின்னில் பிளாஸ்டிக் மூடி வெறும் தூசுக் காப்பு. உண்மையான முத்திரை அதன் கீழுள்ள உரித்தெடுக்கும் தகடு. நேர் வெளிச்சத்தில் எடுத்த படத்தில் அலுமினியம் பளிச்சிட்டு மடிப்பை மறைத்துவிடும்; பக்கவாட்டு வெளிச்சத்தில்தான் சுருக்கம் நிழலாக விழும். தொகுதி எண் அதே படத்தில் இல்லையென்றால் அது எந்த டின்னின் முத்திரை என்றே சொல்ல முடியாது. ஊசித்துளையோ படத்தில் பெரும்பாலும் தெரியாது. எனவே விற்பவர் அனுப்பும் படத்தை மட்டும் நம்பிப் பால்மாவு வாங்குவது சரியல்ல.